வெள்ளி மாலை அனுப்பிய பால் காசு புதன்கிழமைதான் வந்தது: ஏன்?

தர்மபுரம்_நிலா | 14 மே 2025, மாலை 6.10

அம்மா எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை காசு வங்கிக் கணக்குக்கு வரும். இந்த முறை 23,640 ரூபா. சங்கம் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டதாகச் சொன்னது. அம்மாவின் கணக்கில் அது விழுந்தது இன்று புதன்கிழமை. இடையில் தவிடும் புண்ணாக்கும் கடனுக்கு வாங்க வேண்டியதாயிற்று.

காசு பிந்தியதைவிட என்னைக் குழப்புவது வேறு இரண்டு விடயங்கள். பக்கத்து வளவு அக்காவும் அதே சங்கத்துக்குத்தான் பால் ஊற்றுகிறார். அவருக்கு வெள்ளி இரவே காசு வந்துவிட்டது. சங்கத்தில் ஆள் பார்த்து அனுப்புகிறார்கள் என்று ஊரில் கதை தொடங்கிவிட்டது. அடுத்தது, சனிக்கிழமை கொழும்பிலிருந்து தம்பி 15,000 அனுப்பினான். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுஞ்செய்தி வந்தது. சனிக்கிழமை வங்கி பூட்டு என்றால் அது எப்படி வந்தது? பூட்டு இல்லை என்றால் பால் காசு ஏன் வரவில்லை?

விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவிடமும் அந்த அக்காவிடமும் சரியானதைச் சொல்ல வேண்டும்.

---

மாங்குளத்தான் | 14 மே, மாலை 6.48

தங்கச்சி, இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சங்கம் அனுப்பியது ஸ்லிப்ஸ், அதாவது பலருடைய காசை ஒரே கோப்பாக வங்கிக்கு வங்கி அனுப்பும் முறை. ஸ்லிப்ஸ் என்றால் எப்போதும் அடுத்த வேலை நாள்தான். வெள்ளிக்கு அடுத்த வேலை நாள் புதன். வெசாக் திங்களும் செவ்வாயும் விடுமுறை. தம்பி அனுப்பியது செஃப்ட்ஸ் என்ற உடனடி வழியில். அதில் வங்கிக்கும் வங்கிக்கும் இடையில் அந்த நொடியிலேயே காசு மாறிவிடும், அதனால் உடனே வந்தது. ஆர்டிஜிஎஸ் என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஐம்பது இலட்சத்துக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மட்டும். உங்களுக்கு அது தேவையில்லை.

நான் கடை நடத்துகிறேன், மூன்றையும் பாவித்திருக்கிறேன். ஐந்து நாள் காசை வைத்திருந்து வங்கி வட்டி உழைத்திருக்கும். அதுதான் நடந்தது.

---

குளக்கட்டு | 14 மே, இரவு 8.30

பிள்ளை, உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில காலம் கொழும்பில் வங்கிகளுக்கிடையிலான கணக்கைத் தீர்க்கும் பிரிவில், பிறகு வவுனியாவில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வளவு அக்கா. அவருடைய கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சங்கத்தின் கணக்கு இருக்கும் அதே வங்கியாகத்தான் இருக்கும். ஒரே வங்கிக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் காசு போக வேறு யாருடைய உதவியும் வேண்டாம். ஒரே ஏட்டில் ஒரு பக்கத்தில் கழித்து மறுபக்கத்தில் கூட்டுவதுதான் வேலை. அதைப் போயா இரவிலும் செய்யலாம். உங்கள் அம்மாவின் கணக்கு வேறு வங்கியில் இருப்பதால் அவருடைய காசு வெளியே போய் வர வேண்டியிருந்தது. சங்கத்தில் யாரும் ஆள் பார்க்கவில்லை.

இனி மாங்குளத்தான் சொன்னது. ஸ்லிப்ஸ் எப்போதும் அடுத்த நாள் என்பது ஒரு காலத்தில் உண்மை. 1993இல் அது தொடங்கியபோது வங்கிகள் கோப்புகளைக் கணினித் தட்டுகளில் பதிந்து கையால் கொண்டுபோய்க் கொடுத்தன. 2010இல் இணைய வழிக்கு மாறிய பிறகு, நேரத்துக்குள் கொடுத்தால் அதே நாளில் போய்ச் சேரும். பழைய அனுபவம் ஊரில் இன்னும் சட்டமாகவே நிலைத்திருக்கிறது.

அதே நாளில் சேருவதற்கு ஒரு படிவரிசை உண்டு. சங்கம் அங்கத்தவர் பட்டியலை ஒரே கோப்பாகத் தன் வங்கிக்கு அனுப்புகிறது. அதில் ஒவ்வொரு வரியிலும் வங்கிக்கு நான்கு இலக்கம், கிளைக்கு மூன்று இலக்கம், பிறகு கணக்கிலக்கம், தொகை. வங்கி எல்லா வாடிக்கையாளர்களின் கோப்புகளையும் சேர்த்துத் தீர்ப்பனவு நிலையத்துக்கு, அதாவது முன்பு லங்காகிளியர் என்றும் இப்போது லங்காபே என்றும் அழைக்கப்படும் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அங்கே எல்லா வங்கிகளிலிருந்தும் வந்தவை வங்கிவாரியாகப் பிரிக்கப்பட்டு, எந்த வங்கி எந்த வங்கிக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. அந்தத் தொகை மத்திய வங்கியில் வங்கிகள் வைத்திருக்கும் கணக்குகளில் மாற்றப்படுகிறது. இது வேலை நாளில் குறித்த அமர்வுகளில் மட்டும் நடக்கும். கடைசி அமர்வு மூடுவதற்கு முன் வங்கி தன் வேலையை முடிக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு அது சொல்லும் கடைசி நேரம் அதற்கும் முந்தியதாக இருக்கும். வங்கிக்கு வங்கி அது மாறும்.

சங்கம் வெள்ளி மாலை அனுப்பியது என்கிறீர்கள். அந்தக் கடைசி நேரம் தாண்டிய பிறகு கோப்பு ஏறியிருக்கும். அப்படியானால் அடுத்த அமர்வு அடுத்த வேலை நாளில். சனி, ஞாயிறு, திங்கள் 12 வெசாக் போயா, செவ்வாய் 13 வெசாக்கின் மறுநாள் விடுமுறை. ஆக 14 புதன். உங்கள் அம்மாவுக்கு வந்த நாளும் அதுதான். அதே கோப்பு வெள்ளி காலை ஏறியிருந்தால் வெள்ளியே வந்திருக்கும். சில மணித்தியால வித்தியாசம் ஐந்து நாளாக நீண்டுவிட்டது.

---

தர்மபுரம்_நிலா | 14 மே, இரவு 9.05

நன்றி ஐயா. அக்காவிடம் கேட்டேன். அவருடைய கணக்கு சங்கத்தின் வங்கியிலேயே இருக்கிறது. அந்தக் கதை இன்றோடு அடங்கும்.

ஆனால் தம்பியின் காசு இன்னும் விளங்கவில்லை. அவனுடைய வங்கியும் அம்மாவின் வங்கியும் வேறு வேறு. மத்திய வங்கிக் கணக்குகள் சனிக்கிழமை மூடியிருந்தன என்றால், அம்மாவின் வங்கிக்கு எங்கிருந்து அந்த 15,000 வந்தது?

---

மாங்குளத்தான் | 14 மே, இரவு 9.20

அதைத்தானே சொன்னேன். அது வேறு முறை. இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. மத்திய வங்கிக்கு அங்கே வேலை இல்லை.

---

குளக்கட்டு | 15 மே, காலை 7.15

இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது என்பது சரி. மத்திய வங்கிக்கு வேலை இல்லை என்பது சரியில்லை.

நிலா, அந்த 15,000 அம்மாவின் வங்கிக்குச் சனிக்கிழமை வரவே இல்லை. அம்மாவின் வங்கி தன் காசிலிருந்து அவருக்கு வரவு வைத்தது. தம்பியின் வங்கி அவன் கணக்கில் கழித்துவிட்டு, 'இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு' என்று ஒரு செய்தி அனுப்பியது. அதை நம்பி மறுபக்கத்தில் உடனே கொடுத்தார்கள். 2015இல் செஃப்ட்ஸ் வந்ததன் முழுப் பயனும் இதுதான்: வாடிக்கையாளருக்குக் காசு முதலில், வங்கிகளுக்கிடையில் கணக்குத் தீர்ப்பது பிறகு. அப்படிக் கணக்குத் தீர்ப்பது இன்றைக்கும் மத்திய வங்கியின் ஏட்டில், வேலை நாளில்தான் நடக்கிறது. தம்பியின் 15,000 வங்கிகளுக்கிடையில் கைமாறியது நேற்றுப் புதன்கிழமை, அதாவது உங்கள் பால் காசுக்குக் கணக்குத் தீர்ந்த அதே நாள். ஒன்று முன்கூட்டியே கொடுக்கப்பட்டது, மற்றது காத்திருந்தது.

எப்படித் தீர்ப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அ, ஆ, இ என்று மூன்று வங்கிகள். விடுமுறை நாட்களில் அ வங்கியின் வாடிக்கையாளர்கள் ஆ வங்கிக்கு மொத்தம் 90 இலட்சம் அனுப்பினார்கள். ஆவிலிருந்து அவுக்கு 70 இலட்சம் வந்தது. ஆவிலிருந்து இக்கு 50. இயிலிருந்து அவுக்கு 40. கூட்டினால் 250 இலட்சம் வாடிக்கையாளர் கைகளில் ஏற்கனவே புழங்கிவிட்டது. இப்போது கழித்துப் பாருங்கள். அ வங்கி கொடுக்க வேண்டியது 90, வாங்க வேண்டியது 110. ஆக 20 வரவு. ஆ வங்கி வாங்க வேண்டியது 90, கொடுக்க வேண்டியது 120. ஆக 30 பற்று. இ வங்கிக்கு 10 வரவு. புதன்கிழமை மத்திய வங்கியில் நடப்பது, ஆவின் கணக்கிலிருந்து 30 இலட்சத்தை எடுத்து அவுக்கு 20, இக்கு 10 கொடுப்பது மட்டும். 250 இலட்சத்தின் கதை 30 இலட்சத்தில் முடிந்தது.

ஆபத்து எங்கே என்று இப்போது தெரியும். வெள்ளி மாலையிலிருந்து புதன் காலை வரை ஆ வங்கி மற்றவர்களுக்குக் கடன்பட்டு நிற்கிறது. விடுமுறை நீள நீளக் கடனும் ஏறும். புதன்கிழமை ஆவால் கொடுக்க முடியவில்லை என்றால், ஏற்கனவே வரவு வைத்துவிட்ட வங்கிகள் என்ன செய்யும்? அதற்காகத்தான் ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு வரை கடன்பட்டு நிற்கலாம் என்று ஓர் உச்ச வரம்பு உண்டு. ஒரு தடவையில் ஐம்பது இலட்சம் வரைதான் அனுப்பலாம் என்ற எல்லையும் உண்டு. ஸ்லிப்ஸில் இந்த முன்கூட்டிய நம்பிக்கை கிடையாது. கணக்குத் தீரும் நாள்தான் வாடிக்கையாளருக்கும் நாள். மத்திய வங்கி மூடியிருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும்.

---

பனிக்கங்குளம் | 15 மே, காலை 10.40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் கதை இதோடு சேரும் என்று நினைக்கிறேன். சென்ற காலபோக அறுவடை முடிந்து ஒரு பாவித்த உழவு இயந்திரம் வாங்கினேன். விலை 58 இலட்சம். விற்றவர் வவுனியா. வெள்ளிக்கிழமை காசு கொடுத்து இயந்திரத்தை இரவே ஓட்டி வரலாம் என்று பேச்சு. நெல் விற்ற காசு கணக்கில் இருந்தது. நான் கிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் 2.35. ஆர்டிஜிஎஸ் படிவத்தை நிரப்பி நீட்டினேன். அந்தப் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'ஐயா, எங்கள் கிளையில் இரண்டு மணிக்குப் பிறகு இதை எடுக்க முடியாது, திங்கள்தான்' என்றார். வங்கி மூன்று மணி வரை திறந்திருக்கிறதே என்றேன். கிளை திறந்திருப்பதும் அது திறந்திருப்பதும் வேறு என்றார்.

அப்படியானால் கைபேசியில் 30, 28 என்று இரண்டாகப் பிரித்து உடனடியாக அனுப்பலாமா என்று கேட்டேன். ஒரு தடவை ஐம்பது இலட்சத்துக்குக் குறைவுதானே. என் செயலியின் நாளாந்த வரம்பு அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. சனிக்கிழமை வேறொரு ஊரில் ஒரு கிளை திறந்திருந்தது. அங்கே போயும் பார்த்தேன். அவர்களும் படிவத்தை வாங்கி வைக்கலாம், திங்கள்தான் போகும் என்றார்கள்.

திங்கள் காலை போனது. கிளையில் 'அனுப்பிவிட்டோம்' என்றார்கள். விற்றவரோ பத்து மணிக்கும் வரவில்லை என்றார். பதினொன்றரைக்கு வந்தது. அந்த ஒன்றரை மணித்தியாலம் காசு எங்கே இருந்தது? உடனடி என்றுதானே அந்த முறைக்குப் பெயர்?

---

குளக்கட்டு | 15 மே, பகல் 12.25

முதலில் மாங்குளத்தானுக்கு ஒரு சொல்: ஆர்டிஜிஎஸ் ஐம்பது இலட்சத்துக்கு மேல் மட்டும் என்று ஒன்றும் இல்லை. அதற்குக் கீழெல்லை கிடையாது. ஐம்பது இலட்சத்தைத் தாண்டினால் மற்ற இரண்டு வழிகளும் அடைபடுவதால் இது ஒன்றுதான் மிஞ்சுகிறது. குறைந்த தொகைக்கும் அனுப்பலாம். கட்டணம் அதிகம் என்பதால் யாரும் அனுப்புவதில்லை.

பனிக்கங்குளம், உங்கள் காசு இருந்திருக்கக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, உங்கள் கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போன படிவம் அங்கே ஒருவர் சரிபார்த்து அனுமதிக்கும் வரை காத்திருந்திருக்கலாம். கிளையில் 'அனுப்பிவிட்டோம்' என்றால் பல நேரங்களில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றே பொருள். இரண்டு, மத்திய வங்கியில் வரிசை. இந்த முறை 2003இல் வந்தது. இதில் கழித்துப் பார்ப்பது கிடையாது. உங்கள் 58 இலட்சம் முழுதாக, தனியாக, உங்கள் வங்கியின் கணக்கிலிருந்து விற்றவரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வங்கியின் கணக்கில் போதிய மீதி இல்லை என்றால், வேறு யாராவது அவர்களுக்குக் கொடுக்கும் வரை அது வரிசையில் நிற்கும். காலையில் இது சகஜம். வங்கிகள் அரச பிணையங்களை ஈடு வைத்து அன்றைய பொழுதுக்குள் திருப்பித் தரும்படி மத்திய வங்கியிடம் காசு எடுத்துச் சமாளிக்கும். மூன்று, விற்றவரின் வங்கிக்கு வந்துவிட்டது, அவர்கள் அவருடைய கணக்கில் போடப் பிந்தினார்கள். உங்கள் வங்கியிடம் அந்தக் கொடுப்பனவின் தொடர்பிலக்கத்தையும் மத்திய வங்கியில் கணக்குத் தீர்ந்த நேரத்தையும் கேட்டு வாங்கியிருந்தால் எது என்று தெரிந்திருக்கும். தீர்ந்த நேரம் 9.40 என்றால் பிழை அந்தப் பக்கம். 11.25 என்றால் இந்தப் பக்கம்.

நேரம் மூடுவது பற்றி. நீங்கள் அனுப்பும் தொகைக்கு ஒருமுறை கணக்குத் தீர்ந்துவிட்டால் அது மீளாது. மத்திய வங்கியின் ஏட்டில் அது முடிந்த முடிவு. ஆகவே நாளின் கடைசியில் வங்கிகள் ஒருவருக்கொருவர் மீதியைச் சரிசெய்ய, குறைந்தவர்கள் மற்றவர்களிடம் கடன் எடுக்க, ஈடு வைத்த காசைத் திருப்பிக் கட்ட நேரம் வேண்டும். வாடிக்கையாளர் கொடுப்பனவுகளை அதற்கு முன்பே நிறுத்துகிறார்கள். உங்கள் வங்கி அதற்கும் முன்பே நிறுத்துகிறது. இரண்டு மணி அப்படித்தான் வந்தது.

சனிக்கிழமை திறந்திருந்த கிளை வைப்பு எடுக்கும், காசு கொடுக்கும். மத்திய வங்கியின் ஏடு மூடியிருக்கும்போது அவர்களால் 58 இலட்சத்தை வெளியே தள்ள முடியாது.

---

மாங்குளத்தான் | 15 மே, பகல் 1.10

கீழெல்லை இல்லை என்பது எனக்குப் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் வட்டிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வெள்ளி மாலை சங்கத்தின் கணக்கில் காசு கழிந்துவிட்டது. புதன் வரை அம்மாவின் கணக்கில் இல்லை. ஊர் முழுக்கச் சேர்த்தால் அது சின்னக் காசு இல்லை. யாருடைய கையில் இருந்தது?

---

முல்லை_மொன்றியல் | 15 மே, பிற்பகல் 3.50

வணக்கம். நான் இங்கே மொன்றியலில் வெள்ளிக்கிழமை மதியம் முல்லைத்தீவில் இருக்கும் அக்காவுக்கு வங்கி வழியாக அனுப்பினேன். அவருக்கும் புதன்தான் கிடைத்தது. அதற்கும் இந்த ஸ்லிப்ஸ்தான் காரணமா? அடுத்த முறை செஃப்ட்ஸில் அனுப்பு என்று இங்கே என் வங்கியிடம் சொல்லலாமா?

---

குளக்கட்டு | 15 மே, பிற்பகல் 4.30

தம்பி, உங்கள் வங்கிக்கு அந்தப் பெயரே தெரியாது. நாம் பேசுவது இலங்கைக்குள் ரூபாவில் ஓடும் வழிகள். உங்கள் காசு டொலரில் வந்து, இங்கே ஒரு வங்கிக்குச் சேர்ந்து, ரூபாவாக மாறிய பிறகுதான் இந்த வழிகளுக்குள் நுழையும். உங்களுக்கு வெள்ளி மதியம் என்பது முல்லைத்தீவில் வெள்ளி இரவு. இங்கே வேலை நாள் முடிந்துவிட்டது. அங்கே புதன், வியாழன் அனுப்பினால் இங்குள்ள வாரக் கடைசியில் சிக்காது. அனுப்ப முதல் இங்குள்ள போயா நாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பொசன் ஜூன் 10, செவ்வாய்.

---

சங்கக்_கணக்கு | 15 மே, இரவு 8.15

நான் வேறொரு பால் சங்கத்தில், முள்ளியவளைப் பக்கம், கணக்கு எழுதுகிறேன். நிலா அக்காவின் சங்கத்தை எனக்குத் தெரியாது. கோப்பு ஏன் வெள்ளி மாலை ஏறுகிறது என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சங்கக்காரர் சோம்பேறிகள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

பாலுக்கு லீற்றர் கணக்கில் மட்டும் காசு இல்லை. கொழுப்பு வீதமும் கொழுப்பல்லாத திண்மமும் பார்த்துத்தான் விலை. ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்திலிருந்தும் வியாழன் மாலைப் பால் வரைக்கும் ஏடு வர வேண்டும். வெள்ளி காலை அவற்றைச் சேர்த்து, தீவனக் கடனையும் பங்குப் பணத்தையும் கழித்து, ஒவ்வொருவருக்கும் தொகை போடுகிறேன். பிறகு தலைவரும் பொருளாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கியின் இணையத்தளத்தில் கோப்பை ஏற்றுவது நான், அனுமதி கொடுப்பது அவர்கள் இருவர். தலைவர் மாட்டுக்குப் புல் வெட்டப் போயிருந்தால் கடைசி நேரம் போய்விடும். கோப்பு ஏறிய நேரத்தை வங்கி எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது ஆள் அனுமதித்த நேரம்தான் கணக்கு. இதைப் பல சங்கங்கள் கவனிப்பதில்லை.

இன்னொன்று, திரும்பி வரும் காசு. ஒரு அங்கத்தவர் பழைய கணக்கை மூடிவிட்டு எங்களிடம் சொல்லவில்லை என்று வையுங்கள். ஸ்லிப்ஸ் கோப்பை அனுப்பும்போது அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு அந்த வங்கி பார்த்து, காரணக் குறியோடு திருப்பி அனுப்புகிறது. அது எங்கள் கணக்குக்கு வந்து, நான் கண்டுபிடித்து, சரியான இலக்கத்தோடு மீண்டும் அனுப்ப வேண்டும். அங்கத்தவருக்கு அது இன்னொரு வாரம் போல் தோன்றும். கைபேசியில் உடனடியாக அனுப்பும்போது அப்படி இல்லை. கணக்கு இல்லை என்றால் அந்த இடத்திலேயே மறுத்துவிடும்.

ஆனால் பிழையான இலக்கம் வேறு ஒருவருடைய உயிருள்ள கணக்காக இருந்துவிட்டால் இரண்டிலும் காசு போய்விடும். பெயரைப் பார்த்துக் காப்பாற்றுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். புது அங்கத்தவரிடம் நான் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் படத்தையே வாங்குகிறேன். வாயால் சொல்லும் இலக்கத்தை எழுதுவதில்லை.

---

தர்மபுரம்_நிலா | 15 மே, இரவு 8.50

இது மிகவும் உதவியாக இருக்கிறது. அப்படியென்றால் சங்கம் எல்லோருக்கும் செஃப்ட்ஸிலேயே அனுப்ப முடியாதா? வெள்ளி இரவு அனுப்பினாலும் வெள்ளி இரவே வந்துவிடுமே.

---

சங்கக்_கணக்கு | 15 மே, இரவு 9.30

முடியும், சிக்கலும் உண்டு. கோப்பாக ஏற்றி உடனடி வழியில் அனுப்பும் வசதியைச் சில வங்கிகள் நிறுவனங்களுக்குக் கொடுக்கின்றன. எங்கள் வங்கியில் சங்கக் கணக்குக்கு அது இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்ப நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம். மூவாயிரம் ரூபாவுக்குப் பால் ஊற்றுபவரிடமும் அதே கட்டணத்தைக் கழிப்பதா, சங்கம் ஏற்பதா என்று கூட்டத்தில் இரண்டு தடவை பேசியும் முடிவு வரவில்லை. சங்கம் ஏற்றால் தீவன நிதியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

---

குளக்கட்டு | 16 மே, காலை 6.50

மாங்குளத்தானின் வட்டிக் கேள்வி நியாயமானது. தட்டிக்கழிக்கக் கூடாது. சங்கத்தின் கணக்குக் கூற்றில் அந்தத் தொகை எந்தத் திகதியில் கழிந்தது என்று பார்க்க வேண்டும். கோப்புக்கு ஒரு பெறுமதித் திகதி உண்டு, அதாவது காசு கைமாற வேண்டிய நாள். அது 14 என்று இருந்து, 14ஆம் திகதியே சங்கத்தின் கணக்கிலும் கழிந்திருந்தால் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. காசு அதுவரை சங்கத்தினுடையதே. 9ஆம் திகதியே கழித்துவிட்டு 14இல் வெளியே விட்டிருந்தால் இடையில் அது சங்கத்தின் வங்கியிடம் ஓர் இடைக்காலக் கணக்கில் இருந்தது. அதன் பயன் அந்த வங்கிக்குத்தான். அம்மாவின் வங்கிக்கு இதில் பங்கில்லை. அவர்கள் புதன்தான் அதைக் கண்டார்கள். இரண்டு விதமாகவும் நடக்கும் வங்கிகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

மாங்குளத்தான் | 16 மே, காலை 8.05

கழித்த நாளும் கொடுத்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமாகப் போட வேண்டும். நான் அதில் விடுவதாக இல்லை. என் கடையிலும் மொத்த வியாபாரிக்கு நீண்ட விடுமுறைக்கு முன் அனுப்பிய காசு இப்படித்தான். என் கணக்கில் உடனே கழிந்தது, அவருக்கு விடுமுறை முடிந்துதான். அந்த நாட்களில் அவர் சரக்கு ஏற்றவில்லை. நட்டம் எனக்கும் அவருக்கும்.

---

நெட்டாங்கண்டல் | 16 மே, காலை 9.30

ஒரு சின்னச் சந்தேகம். வெசாக் நாட்களில் ஞாயிறு இரவு நான் உடனடி வழியில் அனுப்பிய 8,000 மறுக்கப்பட்டது. கணக்கில் காசு இருந்தது, இலக்கமும் சரி. அரை மணித்தியாலம் கழித்துப் போனது. குளக்கட்டு ஐயா சொன்ன அந்த உச்ச வரம்பு என் வங்கிக்கு முட்டியதா?

---

குளக்கட்டு | 16 மே, காலை 10.15

இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. மறுபக்க வங்கியின் இயந்திரம் அந்த நேரத்தில் பதில் சொல்லாமல் இருந்திருந்தாலும் இதே போலத்தான் தெரியும். வரம்பு முட்டியிருந்தால், வெளியிலிருந்து உங்கள் வங்கிக்குக் காசு வந்தவுடன் இடம் திறந்திருக்கும். அதனால் பிறகு போயிருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மறுக்கப்பட்ட முதல் தடவையில் உங்கள் கணக்கில் கழிந்ததா? கழிந்து மீண்டும் வரவு வைக்கப்பட்டிருந்தால் கூற்றில் இரண்டு வரி இருக்கும். கழிந்தது மட்டும் இருந்து மீளவில்லை என்றால் இன்றே கிளைக்குச் சொல்லுங்கள், அரை மணித்தியாலம் கழித்து அனுப்பியதோடு சேர்த்து இரட்டையாகப் போயிருக்கலாம்.

---

பனிக்கங்குளம் | 16 மே, மாலை 5.20

தொடர்பிலக்கத்தை இன்று கிளையில் கேட்டு எடுத்தேன். தீர்ந்த நேரம் காலை 11.08. ஆக விற்றவரின் வங்கி இருபது நிமிடத்தில் போட்டுவிட்டது. மிச்சம் எங்கள் பக்கம். தலைமை அலுவலகத்திலா வரிசையிலா என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

---

தர்மபுரம்_நிலா | 17 மே, இரவு 7.40

இன்று சங்கத்தில் பேசினேன். அவர்களுடைய வங்கியில் அதே நாளில் போவதற்கான கடைசி நேரம் வெள்ளி பகல் 1.30. இரண்டாவது அனுமதி விழுந்தது மாலை 4.52. கூற்றில் 9ஆம் திகதியே கழிந்திருக்கிறது. மாங்குளத்தான் அண்ணைக்கு இதைச் சொல்ல வேண்டும். கிளையில் எழுத்தில் விளக்கம் கேட்கப் பொருளாளர் ஒப்புக்கொண்டார். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

ஏட்டைப் புதன் மாலைப் பாலோடு மூடி, வியாழன் கோப்பை ஏற்றலாமா என்று கேட்டேன். வியாழன் பால் அடுத்த கணக்குக்குப் போகும். தலைவர் சம்மதம், ஆனால் சேகரிப்பு நிலையத்தில் பால் பரிசோதிப்பவர் வியாழன் வரைதான் ஏடு கொடுத்துப் பழக்கம் என்கிறார். செவ்வாய்க்கிழமை கூட்டம். சங்கக்_கணக்கு தம்பி, உங்கள் சங்கத்தில் ஏடு எந்த நாளோடு மூடுகிறீர்கள், நிலையத்திலிருந்து கொண்டுவருவது யார் என்று எழுதுவீர்களா? அதைக் கூட்டத்தில் காட்டுவேன்.